மலிவான சீல், நின்றுபோகும் லைன்: எந்தக் கட்டத்தில் வைப்பது?

கேள்வி: தண்ணீர் பம்ப் தயாரிக்கும் சிறிய நிறுவனத்தில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். வாங்கும் பொருட்களை நான்கு கட்டமாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஷாஃப்ட் ஓரமாகத் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலுக்கு ஆகும் செலவு மொத்தக் கொள்முதலில் 0.4 சதவீதம்தான். அதனால் சாதாரணப் பொருள் என்று போட்டு, இரண்டு டீலரிடம் விலை கேட்டு வாங்குகிறோம். ஆனால் அது வராமல் லைன் நின்றுவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: தவறு கட்டத்தில்தான். 1983இல் பீட்டர் கிரால்ஜிக் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய முறை இது. அதில் இரண்டு கேள்விகள் உண்டு: இந்தப் பொருள் நம் லாபத்தை எவ்வளவு பாதிக்கும், இது கிடைப்பதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது. இரண்டுக்கும் அதிகம் அல்லது குறைவு என்று பதில் போட்டால் நான்கு கட்டம் வரும். நீங்கள் முதல் கேள்விக்கு மட்டும், அதுவும் செலவுத் தொகையை மட்டும் பார்த்து, பதில் சொல்லியிருக்கிறீர்கள். செலவு குறைவு, ஆபத்து அதிகம் என்றால் அது பாட்டில்நெக் கட்டம். அங்கே விலைபேரம் வேலைக்கு ஆகாது. பொருள் தடையில்லாமல் வருவதுதான் குறிக்கோள்.

இரண்டு டீலர் இருக்கிறார்களே, ஆபத்து எங்கே என்று தோன்றும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டீலரை எண்ணாதீர்கள், தயாரிப்பாளரை எண்ணுங்கள். இருவர் கொடுத்த பெட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயரும் பேட்ச் எண்ணின் வரிசையும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கு இருப்பது ஒரே ஊற்றுதான். ஒருவர் தாமதம் என்று சொல்லும் அதே வாரத்தில் மற்றவரும் தாமதம் என்பார். "தனியாக ஸ்டாக் வைத்திருக்கிறேன்" என்று சொல்லும் டீலரிடம், தயாரிப்பாளரின் டெஸ்ட் சர்டிபிகேட்டையும் கிடங்கில் உள்ள எண்ணிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அவரிடம் ஸ்டாக் இல்லை. தட்டுப்பாடு வந்ததும் விலையை ஏற்றுவதும், பெட்டி மட்டும் அசலாக இருக்கும் போலிச் சீலைத் தள்ளிவிடுவதும் இப்படிப்பட்டவர்கள்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கையிருப்பு. வாரத்துக்கு 50 சீல் தேவை. சப்ளையர் சொல்வது 8 வாரம். மிக மோசமாக வந்தபோது 14 வாரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள 6 வாரத்துக்கு 300 சீல் பாதுகாப்பு இருப்பு. 8 வாரத் தேவை 400. ஆக, கையில் இருப்பதும் வரவேண்டியதும் சேர்ந்து 700க்கு இறங்கும்போதே அடுத்த ஆர்டர் போக வேண்டும். அந்த 300 சீலில் முடங்கும் பணம், ஆண்டுக் கொள்முதலில் 2,000இல் ஒரு பங்குகூட வராது. இதைக்கூட "ஸ்டாக் கூடிவிட்டது" என்று கேள்வி கேட்பார்கள். எவ்வளவு விலை குறைத்தாய் என்று மட்டுமே பர்ச்சேஸ் ஆளை அளக்கும் வழக்கம் போகாதவரை இந்தக் கட்டங்களை வரைந்து ஒரு பயனும் இல்லை. லைன் ஒரு நாள் நின்றால் ஆகும் நஷ்டத்தை உற்பத்திப் பிரிவிடம் எழுதி வாங்கி, அதே தாளில் வைத்துக் காட்டுங்கள்.

அடுத்து, தயாரிப்பாளரிடம் நேரடியாக ஆண்டு ஒப்பந்தம் பேசுங்கள். மாதாமாதம் எத்தனை எடுப்பீர்கள் என்ற கணக்கை முன்கூட்டியே கொடுங்கள். அவருக்கு நீங்கள் சின்ன வாடிக்கையாளர். பணத்தை நாள் தவறாமல் கொடுப்பதுதான் உங்கள் பிடிமானம்.

ஒன்றை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். சில சமயம் ஆபத்து சந்தையில் இருக்காது, உங்கள் டிராயிங்கிலேயே இருக்கும். டிராயிங்கை எடுத்துப் பாருங்கள். சீல் என்ற இடத்தில் ஒரு கம்பெனியின் பார்ட் எண் மட்டும் இருக்கிறதா? அப்படியானால் உங்களை ஒரே ஆளிடம் கட்டிப்போட்டது டிசைன் பிரிவு. பார்ட் எண்ணுக்குப் பதிலாக ஷாஃப்ட் விட்டம், பொருத்தும் நீளம், உராயும் முகங்கள் கார்பனா சிலிக்கான் கார்பைடா, ரப்பர் எந்த வகை, அழுத்தம், வெப்பநிலை இவற்றை எழுதச் சொல்லுங்கள். சீல் ஈஎன் 12756 தரத்தின் அளவுகளுக்கு ஒத்துவந்தால், அதே அளவில் செய்யும் வேறு தயாரிப்பாளர்களும் கிடைப்பார்கள். அளவு பொருந்தியதற்காக உடனே மாற்றிவிடவும் கூடாது. சில பம்ப்களில் போட்டு ஓட்டி, கசிவு பார்த்து, டிசைன் பிரிவு கையெழுத்திட்ட பிறகுதான் இரண்டாவது ஆளுக்கு ஆர்டர். இதற்குச் சில மாதங்கள் ஆகும்; அதுவரை அந்த 300 சீல் இருப்பைக் குறைக்காதீர்கள். இரண்டாவது தயாரிப்பாளர் சொன்ன தேதியில் சில முறை கொடுத்த பிறகு, சீலைச் சாதாரணக் கட்டத்துக்கு மாற்றி, இருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.