1/x திறந்த இடைவெளியில் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: 1/x என்பது (0, 1)-இல் தொடர்ச்சியானதுதானே? அப்புறம் ஏன் சீரான தொடர்ச்சி இல்லை என்கிறார்கள்?

சார்பின் மதிப்புகள் ε-ஐவிடக் குறைவாகவே வேறுபட, புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதுதான் δ. எந்த ε கொடுத்தாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி δ கிடைத்தால் அது தொடர்ச்சி. ஒரே δ எல்லாப் புள்ளிக்கும் பொருந்தினால்தான் சீரான தொடர்ச்சி. 1/x அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

1/10, 1/11 இரண்டையும் எடுங்கள். இடைத்தூரம் 1/110, சார்பின் மதிப்புகள் 10, 11. வித்தியாசம் 1. இனி 1/1000, 1/1001: இடைத்தூரம் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு, ஆனால் வித்தியாசம் அதே 1. ஆக ε = 1/2 என்றால், எவ்வளவு சிறிய δ கொடுத்தாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அதைத் தோற்கடிக்கும் ஒரு ஜோடி இருக்கும்.

[0.1, 1]-க்கு வந்தால் கதை வேறு. |1/x − 1/y| = |x − y|/(xy). இங்கே xy குறைந்தது 0.01, எனவே வித்தியாசம் 100|x − y|-ஐத் தாண்டாது. δ = ε/100 போதும்.

மூடிய, வரம்புள்ள இடைவெளியில் தொடர்ச்சியான எந்தச் சார்புக்கும் இப்படி ஒரு δ உண்டு. அது ஹைனே–கான்டர் தேற்றம். ஆனால் 'திறந்தது என்றாலே சிக்கல்' என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். (0.1, 1) திறந்ததுதான், அங்கே அதே δ வேலை செய்கிறது. வரம்புள்ள திறந்த இடைவெளியில் இரு முனைகளிலும் சார்புக்கு முடிவுள்ள எல்லை இருக்கிறதா என்று பாருங்கள். sin(1/x) −1-க்கும் 1-க்கும் இடையிலேயே அடங்கினாலும், 0-இல் எல்லை இல்லாததால் (0, 1)-இல் தேறாது.