அடி வெட்டிய பார் சார்ட்

கேள்வி: சேலம் கிளை மீட்டிங்கில் வந்த ஸ்கிரீன்ஷாட்டில் ஜவ்வரிசி விற்பனை ஏப்ரல் 48 லட்சம், மே 51 லட்சம். மே பட்டை நாலு மடங்கு உயரம்! இடப்பக்க எண்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. நம்பலாமா?

பதில்: எண்களை நம்பலாம், படத்தை நம்ப வேண்டாம். உயர்வு 3 லட்சம், அதாவது 6.25 சதவீதம்தான்.

பட்டையில் கண் பார்ப்பது நீளத்தை. அச்சு 0-இல் தொடங்காவிட்டால் நீளம் பொய் சொல்லும். எங்கே தொடங்கியது என்பதையும் பிடித்துவிடலாம். திரையில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஏப்ரல் 1 செ.மீ., மே 4 செ.மீ. என்றால், கூடுதல் 3 செ.மீ.தான் அந்த 3 லட்சம். ஒரு செ.மீ.க்கு ஒரு லட்சம். ஏப்ரல் பட்டை காட்டுவது 1 லட்சம் மட்டுமே, ஆகவே அச்சு 47 லட்சத்தில் தொடங்குகிறது. எண்களை முழு லட்சமாக்கிப் போட்டிருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும்.

கோட்டு வரைபடம் என்றால் கதை வேறு. அங்கே நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை, அதனால் 0-இல் தொடங்காதது தவறில்லை. அச்சின் எண்கள் மட்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.