பத்து விநாடி வரம்பு ஏன் காப்பாற்றவில்லை?

அன்புள்ள ஐயா,

ஒரு வருடமாக ஈஎஸ்பி32 போர்டை வைத்து வீட்டுக்குத் தானியங்கிக் கருவிகள் செய்து பார்க்கிறேன். எதுவும் நிலைக்கவில்லை. செய்த தவறுகளை எழுதிப் பார்த்தால் ஐந்து வருகிறது: மண் ஈர சென்சார் அரித்துப்போனது, மோட்டாருக்கும் போர்டுக்கும் ஒரே அடாப்டர் வைத்தது, ரிலே படபடவென்று அடித்துக்கொண்டது, லாக் எழுதாதது, மேஜையில் மட்டும் சோதித்தது. செடிக்குத் தண்ணீர் விடும் கருவியில் மோட்டார் 10 விநாடிக்கு மேல் ஓடக்கூடாது என்று எழுதியிருந்தேன். நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால் தொட்டி காலி, தரையெல்லாம் தண்ணீர். எதை முதலில் சரிசெய்வது?

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் தனித்தனியாக எண்ணியவற்றில் மூன்று ஒன்றாகச் சேர்ந்துதான் அந்தத் தொட்டியைக் காலி செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சென்சாரிலிருந்து தொடங்குவோம். இரண்டு கால்களை மண்ணில் குத்தி, இடையே மின்சாரம் ஓடுவதை வைத்து ஈரத்தைச் சொல்லும் வகை அது. எப்போதும் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் நேர்மின் பக்கத்துக் காலிலுள்ள செம்பு கரைந்துபோகும். கரையக் கரைய மின்சாரம் ஓடுவது குறையும். மண் சேறாக இருந்தாலும் 'காய்ந்திருக்கிறது' என்றே அது சொல்லும்.

அடுத்தது அடாப்டர். மோட்டார் தண்ணீரை இழுக்கும்போது நிறைய மின்சாரம் எடுக்கும். அதே நேரத்தில் போர்டு வைஃபையில் செய்தி அனுப்பினால் அதற்கும் ஒரு நொடிப்பொழுது அதிகம் வேண்டும். சிறிய அடாப்டர் இரண்டையும் தாங்காது. மின்னழுத்தம் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். மேஜையில் இது தெரியாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. தண்ணீரில்லாமல் சும்மா சுழலும் மோட்டார் குறைவாகவே மின்சாரம் எடுக்கும், அதனால் அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும்.

இப்போது உங்கள் 10 விநாடிக்கு வருவோம். அந்தக் கணக்கு ராமில் இருக்கிறது. மோட்டார் நான்கு விநாடி ஓடுகிறது, போர்டு ரீசெட் ஆகிறது, கணக்கு பூஜ்யத்துக்குப் போகிறது. எழுந்ததும் சென்சாரைக் கேட்கிறது, காய்ந்திருக்கிறது என்ற பதில் வருகிறது, மறுபடி மோட்டார். எந்த ஒரு ஓட்டமும் 10 விநாடியைத் தொடவே இல்லை. உங்கள் நிரல் சொன்னதைத்தான் செய்தது. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

இது சரியா என்று எதையும் மாற்றுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். குழாய், தண்ணீர் எல்லாம் பொருத்திய நிலையில் சீரியல் மானிட்டரைத் திறந்து வையுங்கள். `Brownout detector was triggered` என்ற வரி வந்தால் சந்தேகமே இல்லை.

அடாப்டரைப் பிரிப்பது அவசியம்தான். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்றைச் செய்யுங்கள், ஏனென்றால் மின்சாரம் வேறு காரணத்தாலும் போய்வரும். எத்தனை முறை தண்ணீர் விட முயன்றோம் என்பதை ரீசெட்டிலும் அழியாத ஃப்ளாஷ் நினைவகத்தில் `Preferences` நூலகத்தின் மூலம் எழுதிவையுங்கள்:

```cpp
prefs.begin("pump", false);
int tries = prefs.getInt("tries", 0);
if (tries < 2) {
  prefs.putInt("tries", tries + 1);
  runPump(10000);
}
```

வரிசையைக் கவனியுங்கள். எண்ணை எழுதிய பிறகே மோட்டார் ஓடுகிறது. ஓடி முடித்த பின் எழுதினால், நடுவில் ரீசெட் ஆகும்போது அந்த முயற்சி கணக்கிலேயே வராது. முயற்சிகளுக்கு நடுவே 30 நிமிடம் விடுங்கள், தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிச் சென்சாரை எட்ட நேரம் வேண்டும். போர்டு புதிதாக எழும்போதும் அதே 30 நிமிடம் காத்திருக்கட்டும்.

`tries` எப்போது பூஜ்யமாக வேண்டும்? ஈரம் கூடியதாகச் சென்சார் காட்டும்போது மட்டும். இரண்டு முறை தண்ணீர் விட்டும் அளவு அசையவில்லை என்றால் சென்சார் கெட்டிருக்கலாம், தொட்டி காலியாக இருக்கலாம், குழாய் கழன்றிருக்கலாம். எதுவாக இருந்தாலும் மோட்டார் நிற்பதுதான் சரி. ஒரு செடி ஓரிரு நாள் காய்வதைச் சமாளிக்கலாம், நனைந்த தரையைச் சமாளிப்பது கஷ்டம்.

அப்புறம், தொட்டியின் நீர்மட்டம் குழாயின் வாயைவிட உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மோட்டார் நின்ற பிறகும் தண்ணீர் தானாக வழிந்துகொண்டே இருக்கும். இதை எந்த நிரலாலும் நிறுத்த முடியாது, தொட்டியைக் கீழே இறக்க வேண்டும்.

ரிலே அடித்துக்கொண்டது எளிய விஷயம். ஓடத் தொடங்குவதற்கு ஒரு அளவு, நிறுத்துவதற்கு அதைவிட ஈரமான இன்னொரு அளவு என்று இரண்டு வைத்தால் போதும். சென்சாரை மாற்றும்போது கெபாசிட்டிவ் வகையாக வாங்குங்கள், அதன் செம்பு மண்ணைத் தொடாது. ஆனால் அதில் காய்ந்த மண்ணுக்குத்தான் எண் அதிகமாக வரும், நிரலில் ஒப்பீட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடாப்டரைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். மோட்டார் உடனே ஓடாமல், `tries` 1 என்று காட்டினால் நம்பி வெளியூர் போகலாம்.