மூன்று வரிச் சம்பளச் சீட்டு செல்லுமா?

கேள்வி: மாதாமாதம் சம்பளம் வங்கிக் கணக்கில் வந்துவிடுகிறது. சீட்டு கேட்டால், “பாஸ்புக்கில்தான் இருக்கிறதே” என்கிறார்கள். வற்புறுத்திக் கேட்டபின் ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதில் மொத்தச் சம்பளம் 23,000, பிடித்தம் 3,380, கையில் 19,620 என்று மூன்று வரி மட்டுமே. இனவாரியாகச் சீட்டு கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: பெரும்பாலான நாடுகளில் கொடுத்தே ஆக வேண்டும். வங்கிக் கணக்கில் தெரிவது கடைசித் தொகை மட்டும். அது எப்படி வந்தது என்பதைச் சொல்வதுதான் சீட்டின் வேலை. எனவே “பாஸ்புக்கில் இருக்கிறதே” என்பது உங்கள் கேள்விக்குப் பதிலே ஆகாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1949-இல் ஊதியப் பாதுகாப்பு பற்றி ஓர் உடன்படிக்கையும் அதனுடன் ஒரு பரிந்துரையும் வெளியிட்டது. ஈட்டிய மொத்த ஊதியம், ஒவ்வொரு பிடித்தத்தின் தொகையும் காரணமும், கையில் தர வேண்டிய தொகை ஆகியவற்றைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அந்தப் பரிந்துரை. ‘காரணமும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் சீட்டில் விடுபட்டிருப்பது அதுதான்.

நாட்டுக்கு நாடு விதி மாறும். சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல் இனவாரியான சீட்டு கட்டாயம். சம்பளத்துடன் தர முடியாவிட்டால் மூன்று வேலை நாள்களுக்குள் தர வேண்டும். கையால் எழுதிக் கொடுத்தாலும் செல்லும். ஆஸ்திரேலியாவில் சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் தர வேண்டும். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, ஊதியச் சீட்டு வழங்குவதை முதலாளியின் கடமையாகச் சொல்கிறது. பிரிட்டனில் இந்த உரிமை முன்பு ‘ஊழியர்’ என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு மட்டும் இருந்தது. 2019 ஏப்ரலில் மற்றத் தொழிலாளர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அமெரிக்கா ஒரு விதிவிலக்கு. அங்கே மத்தியச் சட்டம் முதலாளியைக் கணக்கு வைத்திருக்கச் சொல்கிறதே தவிர, சீட்டு கொடுக்கச் சொல்வதில்லை. அதைப் பல மாநிலங்கள் தனித்தனியே விதித்திருக்கின்றன. தனி ஒப்பந்தக்காரராக, பில் போட்டுப் பணம் வாங்குபவருக்குப் பொதுவாக இந்த உரிமை கிடையாது.

இனி உங்கள் மூன்று வரிக்கு வருவோம். இப்படிப்பட்ட சீட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கக்கூடும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் காட்டுகிறேன். அடிப்படைச் சம்பளம் 20,800 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி நேரம். ஒரு மணிக்கு 100 வருகிறது. அந்த மாதம் 22 மணி நேரம் ஓவர்டைம் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு ஒன்றரை மடங்கு என்று ஒப்பந்தம் சொல்கிறது. அப்படியானால் மணிக்கு 150 வீதம் 3,300 வர வேண்டும்; மொத்தம் 24,100 ஆக வேண்டும். சீட்டில் இருப்பதோ 23,000. அடிப்படையைக் கழித்தால் ஓவர்டைமுக்கு மிஞ்சுவது 2,200. அதை 22-ஆல் வகுத்தால் சரியாக 100. அதாவது ஓவர்டைமைச் சாதாரண வீதத்திலேயே போட்டிருக்கிறார்கள். ‘ஓவர்டைம்: 22 மணி, வீதம் 100’ என்று ஒரு வரி சீட்டில் இருந்திருந்தால் இந்த வகுத்தல் வேலையே வேண்டாம், பார்த்த உடனே கண்ணில் பட்டிருக்கும்.

பிடித்தம் 3,380-ஐயும் பிரிப்போம். வருங்கால வைப்பு நிதிக்கு அடிப்படையில் பத்து சதவீதம் என்றால் 2,080. நீங்கள் வாங்கிய முன்பணத்தின் தவணை 500. மீதி 800 எதற்கு? எட்டு மணி நேரத்தின் கூலி அது; ஒரு நாள் வராததாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நீங்களோ அன்று வேறொருவருடன் முறை மாற்றிக்கொண்டு இரவில் வேலை பார்த்திருக்கிறீர்கள். அது வருகைப் பதிவில் ஏறவில்லை. கையில் வந்திருக்க வேண்டியது 21,520, வந்தது 19,620. ஓவர்டைமில் 1,100, வராத நாளில் 800, ஆக 1,900 குறைகிறது. இரண்டுமே வேண்டுமென்று செய்தவையாக இருக்க வேண்டியதில்லை. சம்பளப் பட்டியல்களில் நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பங்கு இந்த மாதிரி மறதியும் அலட்சியமும்தான். ஆனால் மூன்று வரிச் சீட்டு தவறையும் களவையும் ஒரே மாதிரி மறைத்துவிடும்.

ஆகவே நல்ல சீட்டில் உங்கள் பெயரும் முதலாளியின் பெயரும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கான சம்பளம், எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்பவை முதலில் இருக்க வேண்டும். அடுத்து அடிப்படையும், ஒவ்வொரு படியும் தனி வரியில் வர வேண்டும். நேரத்தைப் பொறுத்து மாறும் எந்தத் தொகைக்கும் மணிக்கணக்கும் வீதமும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிரிட்டனில் 2019-இல் சேர்த்த விதி, நேரத்தைப் பொறுத்துச் சம்பளம் மாறினால் மணிக்கணக்கைக் காட்டச் சொல்கிறது. பிடித்தங்களும் ஒவ்வொன்றாகப் பெயருடன் வர வேண்டும். முன்பணம் என்றால் இன்னும் எவ்வளவு பாக்கி என்பதையும் கேட்டு வாங்குங்கள். எல்லாச் சட்டமும் அதைக் கட்டாயமாக்கவில்லை, ஆனால் பின்னால் தகராறு வருவது பெரும்பாலும் அதில்தான். விடுப்பு இருப்பு இருந்தால் நல்லது, அவ்வளவே.

‘இதர பிடித்தம்’ என்ற வரியைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். எனக்குத் தெரிந்தவரை ஒரு சீட்டில் மிக அதிகமாகப் பொய் சொல்லும் இரண்டு சொற்கள் அவை. ஒரு விலக்கு உண்டு: மாதாமாதம் மாறாத பிடித்தங்களை முன்கூட்டியே தனித் தாளில் விவரித்துக் கொடுத்திருந்தால், சீட்டில் அவற்றின் கூட்டுத்தொகையை மட்டும் போட பிரிட்டன் சட்டம் இடம் தருகிறது. அந்தத் தாளும் பன்னிரண்டு மாதங்களுக்குத்தான் செல்லும்.

இன்னொரு பொறி, முதலாளியின் பங்கு. வைப்பு நிதிக்கு முதலாளி கட்டும் பங்கை உங்கள் மொத்தச் சம்பளத்தில் கூட்டி, கீழே பிடித்தமாகக் கழித்துக் காட்டுவார்கள். சம்பளம் பெரிதாகத் தெரியும். கைக்கு வருவது மாறாது. அது தனிப் பகுதியாக இருக்க வேண்டும். உங்களிடம் பிடித்த பங்கு நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைச் சீட்டு சொல்லாது. அதை நிதிக் கணக்கின் அறிக்கையில்தான் பார்க்க வேண்டும். சீட்டில் பிடித்தம் இருந்து அறிக்கையில் வரவு இல்லாவிட்டால், அது சம்பளக் கணக்குத் தவறை விடப் பெரிய விஷயம். உடனே எழுத்தில் கேளுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். “சீட்டு சரியில்லை” என்று வாயால் சொன்னால் பதில் வராது. மாதத்தைக் குறிப்பிட்டு, “மொத்தம் 23,000-இல் ஓவர்டைம் எத்தனை மணி, என்ன வீதம்? பிடித்தம் 3,380 எந்தெந்த இனங்களுக்கு?” என்று மின்னஞ்சலில் இரண்டே கேள்வி அனுப்புங்கள். உங்கள் வேலை நேரத்தை நாள்வாரியாக ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அன்றன்றைக்கே எழுதிய குறிப்புக்கு விசாரணையில் மதிப்பு உண்டு. பதில் வராவிட்டால் அடுத்த இடம் தொழிலாளர் துறை, அல்லது உங்கள் நாட்டில் இருக்கும் வேலைத் தீர்ப்பாயம். பிரிட்டன் தீர்ப்பாயம், சீட்டில் தெரிவிக்காமல் பிடித்த தொகையை, மனுச் செய்வதற்கு முந்தைய 13 வாரங்களுக்குத் திருப்பித் தர உத்தரவிட முடியும். அந்தப் பிடித்தம் வேறு வகையில் நியாயமானதாகவே இருந்தாலும்கூட. பல நாடுகளில் சம்பளப் புகாருக்குக் காலவரம்பு உண்டு. ஆகவே மின்னஞ்சலுக்குப் பதில் வருமா என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.