காற்புள்ளியால் கட்டிய மின்னஞ்சல்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. மின்னஞ்சலில் ஒரு பத்தி நீண்டுகொண்டே போகிறது, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை என்கிறார்கள். அவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என் மேலாளர் "உங்கள் மின்னஞ்சலை இரண்டு தடவை படித்தால்தான் புரிகிறது" என்கிறார். ஒரு மாதிரியை இணைத்திருக்கிறேன். என்ன தவறு?

நீங்கள் அனுப்பிய பத்தி இது. அடையாளம் தெரியும் விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

> வணக்கம் ஐயா, கடந்த வாரம் நடந்த கூட்டத்தில் அறிக்கையின் வரைவைக் கேட்டிருந்தீர்கள், நான் திங்கட்கிழமையே அனுப்பிவிட்டேன், அதில் மூன்றாம் பகுதி இன்னும் முடியவில்லை, கணக்குப் பிரிவிலிருந்து எண்கள் வரவேண்டும், அவர்களிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன், புதன்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், வந்ததும் சேர்த்து வியாழன் காலை முழு அறிக்கையை அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை கூட்டத்தை மாலைக்கு மாற்ற முடியுமா, எனக்குக் காலையில் வேறு வேலை இருக்கிறது.

முற்றுப்புள்ளி ஒன்று, காற்புள்ளி ஒன்பது. "ஐயா"வுக்குப் பின் வருவது விளிக்குப் பின் போடும் காற்புள்ளி, அது சரி. மற்ற எட்டும் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழில் இது சுலபம். வாக்கியத்தை முடிக்கிற வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். கேட்டிருந்தீர்கள், அனுப்பிவிட்டேன், முடியவில்லை, வரவேண்டும், கேட்டுவிட்டேன், சொல்லியிருக்கிறார்கள், அனுப்புகிறேன், முடியுமா, இருக்கிறது என்று ஒன்பது வினைமுற்றுகள் இங்கே இருக்கின்றன. அப்படியென்றால் ஒன்பது வாக்கியங்கள். காற்புள்ளி என்பது பெயரிலேயே கால் பங்கு நிறுத்தம்தான். முடிந்துபோன வாக்கியத்தை அடுத்த வாக்கியத்தோடு அதை வைத்துக் கட்ட முடியாது.

திருத்தும்போது முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது வினைமுற்றுக்குப் பின்னும் முற்றுப்புள்ளி வையுங்கள். "முடியுமா"வுக்கு மட்டும் கேள்விக்குறி. படித்தால் வெட்டு வெட்டாக இருக்கும், பரவாயில்லை. அப்புறம் எந்த இரண்டு வாக்கியங்கள் ஒன்றுக்கொன்று வேண்டியவை என்று பார்த்து அவற்றை மட்டும் சேருங்கள்.

முதல் இரண்டையும் பாருங்கள். வரைவைக் கேட்டார் என்பது அவருக்கே தெரியும், அதற்குத் தனி வாக்கியம் எதற்கு? "நீங்கள் கேட்ட வரைவு" என்று பெயரெச்சமாக்கிவிடலாம். மூன்றாவது வாக்கியத்துக்கு நான்காவதுதான் காரணம். ஆகவே அவற்றின் நடுவே அரைப்புள்ளி பொருந்தும். கடைசியில் ஒரு வேண்டுகோள் ஒளிந்திருக்கிறது. மேலாளர் பதில் சொல்லவேண்டிய ஒரே விஷயம் அதுதான். எட்டாவது இடத்தில் காற்புள்ளிகளுக்கு நடுவே கிடந்தால் யார் கண்ணில் படும்? அதைத் தனிப் பத்தியாக இறக்கினேன்.

> வணக்கம் ஐயா,
>
> கடந்த வாரக் கூட்டத்தில் நீங்கள் கேட்ட அறிக்கை வரைவைத் திங்கட்கிழமையே அனுப்பிவிட்டேன். அதில் மூன்றாம் பகுதி மட்டும் இன்னும் முடியவில்லை; கணக்குப் பிரிவிலிருந்து எண்கள் வரவேண்டும். இரண்டு முறை கேட்டதில், புதன்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் சேர்த்து, வியாழன் காலை முழு அறிக்கையை அனுப்புகிறேன்.
>
> வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை மாலைக்கு மாற்ற முடியுமா? எனக்குக் காலையில் வேறு வேலை இருக்கிறது.

ஆறு வாக்கியங்கள். சொன்ன விஷயம் ஒன்றும் குறையவில்லை.

காற்புள்ளிக்குப் பயந்து, "செய்து", "போய்", "பார்த்து" என்று வினையெச்சமாகவே எழுதிக் கடைசியில் ஒரு வினைமுற்றில் முடிக்கிறேன். இது சரியான வழிதானே?

இலக்கணப்படி சரி, ஆனால் இதில் இரண்டு குழிகள் இருக்கின்றன. உங்கள் வாக்கியம்:

> நேற்று உங்கள் அலுவலகத்துக்கு வந்து, வரவேற்பில் காத்திருந்து, மேலாளரைச் சந்திக்க முடியாமல், படிவத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி, இன்று மீண்டும் தொலைபேசியில் அழைத்து, யாரும் எடுக்காததால் இந்த மின்னஞ்சலை எழுதுகிறேன்.

வினைமுற்று ஒன்றுதான். ஆகவே ஒரே வாக்கியம்தான். ஆனால் படிப்பவர் அத்தனை எச்சத்தையும் கையில் ஏந்திக்கொண்டு கடைசி வரை நடக்கவேண்டும். மூன்றாவது எச்சத்தைத் தாண்டினால் நான் வெட்டிவிடுவேன். இது விதி இல்லை, என் வழக்கம். வெட்டவேண்டிய இடத்தை வாக்கியமே காட்டும். இங்கே "நேற்று" முடிந்து "இன்று" தொடங்குகிறதே, அங்கேதான்.

> நேற்று உங்கள் அலுவலகத்துக்கு வந்து வரவேற்பில் காத்திருந்தேன். மேலாளரைச் சந்திக்க முடியாததால் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். இன்று தொலைபேசியில் அழைத்தேன், ஆனால் யாரும் எடுக்கவில்லை. அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

இரண்டாவது குழி இன்னும் ஆழமானது. "செய்து" என்ற வடிவத்தில் வரும் எச்சத்துக்கும் முடிக்கிற வினைக்கும் எழுவாய் ஒன்றாக இருக்கவேண்டும். தொல்காப்பியம் இதை வினைமுதல் முடிபு என்று சொல்கிறது. "நீங்கள் கோப்பைத் திறந்து, திரை உறைந்துவிட்டது" என்று எழுதினால் திறந்தவர் ஒருவர், உறைந்தது வேறொன்று. "திறந்ததும்", "திறந்தபோது" என்று மாற்றினால் சரியாகிவிடும். அந்த வடிவங்கள் வேறு எழுவாயை ஏற்கும்.

முதல் கேள்வியில் "இரண்டு முறை கேட்டதில்" என்று எழுதினேனே, அதுவும் இதனால்தான். "இரண்டு முறை கேட்டு, புதன்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தால் கேட்டவர்களும் கணக்குப் பிரிவினர்தான் என்று ஆகிவிடும். காற்புள்ளியை எடுக்கப்போய் அர்த்தமே மாறிவிடுகிறது. எனவே எச்சமாக்கும் முன் "இதைச் செய்தது யார், அதைச் செய்தது யார்" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் மாறினால் முற்றுப்புள்ளிதான் பாதுகாப்பு.

("மழை பெய்து குளம் நிறைந்தது" சரியில்லையா என்று யாராவது எழுதுவீர்கள். சரிதான். ஒன்று மற்றதற்குக் காரணமாக இருக்கும்போது இப்படி வருவதை இலக்கணமும் ஏற்கிறது. அலுவலக மின்னஞ்சலில் அதை நம்பி இறங்கவேண்டாம் என்பதுதான் என் யோசனை.)

காற்புள்ளி போட்டால் என்ன குடி முழுகிப்போகிறது? படிப்பவருக்குப் புரிந்துவிடுமே.

பல நேரம் புரியும். புரியாத நேரம்தான் வம்பு. இதைப் பாருங்கள்: "ஒப்பந்தம் தயாராகிவிடும், வெள்ளிக்கிழமைக்குள், கையெழுத்திட்டு அனுப்புங்கள்."

வெள்ளிக்கிழமைக்குள் தயாராவது ஒப்பந்தமா, கையெழுத்துப் போடவேண்டியது நீங்களா? பேச்சில் "தயாராகிடும், வெள்ளிக்கிழமைக்குள்ள" என்று வினைக்குப் பின்னால் ஒரு சொல்லை ஒட்டுவது நமக்கு வழக்கம், குரல் இறங்குவதை வைத்துப் புரிந்துகொள்வோம். எழுத்தில் குரல் இல்லை. காற்புள்ளிகளுக்கு நடுவே மிதக்கிற அந்தச் சொல் எந்தப் பக்கமும் சாயும். "வெள்ளிக்கிழமைக்குள் ஒப்பந்தம் தயாராகிவிடும். கையெழுத்திட்டு அனுப்புங்கள்." அல்லது "ஒப்பந்தம் தயாராகிவிடும். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள்." எது உங்கள் எண்ணம் என்று முற்றுப்புள்ளி சொல்லிவிடுகிறது.

"எனவே", "ஆகவே", "மேலும்" போன்ற சொற்களுக்கும் இதே கதைதான். அவற்றுக்கு முன் காற்புள்ளி போதாது, முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். "ஆனால்" மட்டும் கொஞ்சம் சலுகை பெற்றது. "அழைத்தேன், ஆனால் எடுக்கவில்லை" போன்ற குட்டி வாக்கியத்தில் காற்புள்ளியை நான் விட்டுவிடுவேன்.

"வந்தார், பார்த்தார், கையெழுத்திட்டார், போனார்." இதுவும் தவறா?

இல்லை. ஒரே எழுவாய், ஒரே அளவான சின்ன வினைகள், ஒரே ஓட்டம். பட்டியல் மாதிரி இருப்பதால் காற்புள்ளி பொருந்துகிறது. நடுவில் ஒரு வினைக்கு வேறு எழுவாய் வந்தாலோ, ஒன்று மட்டும் நீண்டாலோ இந்தச் சலுகை போய்விடும்.

வினைமுற்றைத் தேடச் சொல்கிறீர்கள். "கோப்பு வரவில்லை என்று சொன்னார்கள்" என்பதில் "வரவில்லை"க்குப் பின்னும் நிறுத்தவேண்டுமா?

வேண்டாம். நல்லவேளை கேட்டீர்கள். "என்று", "என", "என்பது" இவற்றுக்கு முன் வரும் வினைமுற்று உள்ளே அடங்கிய வாக்கியத்தைத்தான் முடிக்கிறது, உங்கள் வாக்கியத்தை அல்ல. அங்கே எதுவும் போடாமல் "சொன்னார்கள்" வரை போங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. "கடைசி நாள் வெள்ளிக்கிழமை, பொறுப்பு நான், சந்தேகம் இருந்தால் அழையுங்கள்." முதல் இரண்டில் வினையே இல்லை, ஆனால் இரண்டும் முழு வாக்கியங்கள். பெயரே பயனிலையாக நிற்கிறது. வினையை மட்டும் தேடினால் இவை தப்பிவிடும். சந்தேகம் வந்தால் கடைசிச் சொல்லோடு "ஆகும்" சேர்த்துப் பாருங்கள். "கடைசி நாள் வெள்ளிக்கிழமை ஆகும்" என்று பொருந்தினால் அங்கே ஒரு வாக்கியம் முடிகிறது. சோதனைக்கு மட்டும்தான், மின்னஞ்சலில் அந்த "ஆகும்" வேண்டாம்.

கைப்பேசியில் பேசியே தட்டச்சு செய்கிறேன். காற்புள்ளிகூட இல்லாமல் ஒரே கொத்தாக வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

உங்களுக்கு வேலை கொஞ்சம் குறைவுதான், ஏனென்றால் அழிக்கவேண்டிய காற்புள்ளி இல்லை. பேசும்போது நாம் வாக்கியம் மாறுகிற இடத்தில் "அப்புறம்", "அதனால", "அதான்", "சரி" என்று ஏதாவது சொல்வோம். அந்தச் சொற்களைத் தேடுங்கள். பெரும்பாலும் அவற்றுக்குச் சற்று முன்னால் ஒரு வினைமுற்று இருக்கும், அங்கே முற்றுப்புள்ளி விழும். அப்புறம் அந்த "அப்புறம்"களில் முக்காலே மூன்று வீசத்தை அழித்துவிடலாம்.

காற்புள்ளி மிகுந்த பழைய மின்னஞ்சலைக் கணினியில் திருத்துகிறவர்கள் `Ctrl+F` அழுத்திக் காற்புள்ளியைத் தேடலாம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நிற்கும் சொல்லை மட்டும் பாருங்கள். அது வினைமுற்றாக இருந்தால் மாற்றுங்கள். பெயரோ எச்சமோ என்றால் அநேகமாக விட்டுவிடலாம். "கடைசி நாள் வெள்ளிக்கிழமை" போன்றவை மட்டும் இந்த வலையில் சிக்காது, அவற்றுக்குப் பத்தியை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கத்தான் வேண்டும்.