பெயரை எங்கே ஒளிப்பது?

வணக்கம் ஐயா,

என் தோழி மலர்விழிக்குத் திருநாள் வாழ்த்தாக, அவள் பெயரின் ஒவ்வொரு எழுத்திலும் ஒரு வரி தொடங்கும்படி கவிதை எழுத ஆசைப்பட்டேன். ‘ம’வுக்கு மகிழ்ச்சி வந்தது. ‘ல’வுக்கு லட்சியம் என்று சமாளித்தேன். ‘ர்’ வந்ததும் நின்றுவிட்டேன், ‘ழி’யோ அதற்கு மேல். பெயரை ஆங்கில எழுத்தில் பிரித்துக்கொள் என்கிறார்கள், மனம் ஒப்பவில்லை. அடுத்து அக்கா அன்பரசிக்கும் எழுத வேண்டும். வழி உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் நின்ற இடத்தில் எல்லோருமே நிற்கத்தான் வேண்டும். புள்ளி வைத்த எழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்குவதில்லை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டு வரிசைகளும் அப்படியே. ர, ல இரண்டுக்கும் ரயில், லட்சியம் என்று வெளியிலிருந்து வந்த சொற்கள் கைகொடுக்கும். ‘ழி’க்கு யாரும் வரமாட்டார்கள். ‘லர்’ என்று சேர்த்து ஓர் அலகாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அதிலும் ஒரு சொல் தொடங்கப் போவதில்லை. ஆங்கில எழுத்தில் பிரித்தால் 10 வரி எழுத வேண்டும், கடைசியில் தோழி தன் பெயரைத் தமிழில் பார்க்கவும் மாட்டார்.

நான் செய்வது இதுதான்: பெயரை முதல் எழுத்தில் வைக்காமல் இரண்டாம் எழுத்தில் வைப்பேன். முதலில் வர முடியாத எழுத்துகள் எல்லாம் சொல்லின் இரண்டாம் இடத்தில் தாராளமாக உட்காரும். எதுகை வாழ்கிற இடம் அது, தமிழ்ச் செவிக்குப் பழகிய இடமும்கூட. எழுத்தை ஒளித்து விளையாடுவதும் நமக்குப் புதிதில்லை. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டின் எழுத்துகளை மறைத்து வைப்பதைக் கரந்துறைச் செய்யுள் என்று சித்திரகவி வகைகளில் ஒன்றாகவே தண்டியலங்காரம் சொல்கிறது. நம்முடையது அதற்குப் பேத்தி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரியை யோசிக்கும் முன் சொற்களைத் தேடுங்கள். இரண்டாம் எழுத்து ‘ம’ வர நமது, சமயம், குமரி. இங்கேதான் பலரும் வழுக்குவார்கள். ‘அமைதி’ என்று எழுதிவிட்டு ‘ம’ வந்துவிட்டது என்பார்கள். வந்தது ‘மை’. ‘அமுது’ என்றால் ‘மு’. அதேபோல் ‘ர்’ வேண்டிய இடத்தில் ‘நேரம்’ உதவாது, ‘நேர்மை’ உதவும். ‘வி’க்குக் கவிதை, செவி, தவிப்பு. ‘ழி’க்கு எழில், பொழில், வழி. விழி என்றே போடலாம், ஆனால் பெயரில் இருப்பதையே திரும்பச் சொல்வதில் சுவை இல்லை.

இப்படி ஐந்து சொற்களை முதலில் நிறுத்திக்கொண்டு, மீதியைப் பின்னால் கட்டினேன்:

நமது வாசல் நாடி வந்த திருநாள்
பலரும் கூடிப் பாடி மகிழும் பெருநாள்
சேர்ந்து சிரித்துச் சென்ற ஆண்டில் ஒருநாள்
கவிதை கேட்டாய், கடனைத் தீர்த்தேன் இந்நாள்
எழிலும் நலமும் எய்தி வாழ்க பன்னாள்!

இரண்டாம் எழுத்துகளை மேலிருந்து கீழே படியுங்கள். மூன்றாம் வரியில் மட்டும் கண் தடுமாறலாம். ‘சே’ இரண்டு வடிவமாகத் தெரிந்தாலும் எழுத்து ஒன்றுதான், அடுத்தது ‘ர்’.

இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டாம் எழுத்து வரிக்கு வரி மாறியே ஆக வேண்டும் என்பதால் அடியெதுகை போய்விடும். அது போனால் ஐந்து வரியும் ஐந்து தனி வாக்கியமாக உதிர்ந்து நிற்கும். ஈடுகட்ட நான் இரண்டு முடிச்சுப் போட்டேன். ஒவ்வொரு வரியிலும் முதல் சீரும் மூன்றாம் சீரும் மோனை: நமது, நாடி; பலரும், பாடி; சேர்ந்து, சென்ற. இன்னொன்று, வரிகள் எல்லாம் ‘நாள்’ என்று முடிகிற இயைபு. நாலாவது வரியின் கடன் கதையை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். தோழி உங்களிடம் கவிதை கேட்டிருக்காவிட்டால் அந்த வரி பொய்யாகிவிடும். உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று அங்கே வந்தால்தான் இது வேறொரு மலர்விழிக்குப் பொருந்தாமல் இருக்கும்.

கொடுக்கும்போது அந்த ஐந்து எழுத்துகளை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இருப்பதில்லை, அதனால் இரண்டாம் எழுத்துகள் நேர்க்கோட்டில் நிற்காது. நிறம் மாற்றாவிட்டால் பெயர் இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகும். கைபேசியில் அனுப்பினால் வரி மடிந்து பெயர் சிதறும், இரண்டிரண்டு சீரைக் குறைத்துவிடுங்கள்.

அக்காவின் பெயர் வேறு விதமாக மடக்கும். ‘அ’ உயிரெழுத்து, ஒரு சொல்லுக்குள் இரண்டாவதாக வராது. ஆனால் வரிக்குள் வரும். வா, நீ, பூ, கை போன்ற ஓரெழுத்துச் சொல் ஒன்றை முன்னால் வைத்துவிட்டு அடுத்த சொல்லை ‘அ’வில் தொடங்கினால் போதும். ‘வா அக்கா, வாசல் திறந்திருக்கிறது’ என்று முதல் வரியைத் தொடங்கலாமே. இலக்கணப்படி புணர்த்தி எழுதினால் இடையில் வகர மெய்யோ யகர மெய்யோ வந்து ‘அ’வை விழுங்கிவிடும், ஆகவே சொற்களைப் பிரித்தே எழுதுங்கள். மற்றவை எளிது: ‘ன்’னுக்கு இன்று, ‘ர’வுக்கு வரவு, ‘சி’க்கு ரசித்து. ‘ப’வுக்குச் சபதம் இருக்கிறது. அவசரத்தில் சபை என்று போட்டுவிடாதீர்கள், அது ‘பை’.