கழித்துக்கொள்ளும் நாட்கள்

வணக்கம் ஐயா,

அமெரிக்காவில் கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கும் உங்கள் அக்கா குடும்பத்தைப் பற்றி ஒரு கட்டுரையில் ஓரிரு வரிகள் எழுதியிருந்தீர்கள். நாங்களும் டாலஸில், வேலைவாய்ப்பு வழியிலான அதே இபி-2 வரிசையில் நிற்கிறோம். வரிசையில் எங்கள் இடத்தைக் குறிக்கும் பிரையாரிட்டி டேட் 2016 ஏப்ரல். விரைவுப் பரிசீலனைக்கான பிரீமியம் கட்டணம் கட்டியதால், நிறுவனம் எங்களுக்காகப் போட்ட ஐ-140 மனு பத்தே நாளில் ஒப்புதலானது. அன்று கோயிலில் அர்ச்சனை செய்தோம். இப்போது மகளுக்குப் பதினெட்டு வயது. உங்கள் அக்கா குடும்பத்தினர் இந்த வருடங்களை எப்படிக் கடக்கிறார்கள் என்று விரிவாக எழுத முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அர்ச்சனை செய்த அந்தப் பத்து நாளிலிருந்தே தொடங்குகிறேன். என் அக்கா மகளின் எதிர்காலம் அப்படியொரு நாள்கணக்கில்தான் தங்கி நின்றது.

அக்காவும் மாமாவும் 2010இல், மகளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பொள்ளாச்சியிலிருந்து நியூஜெர்சிக்குப் போனார்கள். மறு வருடம் அங்கேயே மகன் பிறந்தான். மாமாவின் நிறுவனம் 2014 அக்டோபரில் தொழிலாளர் துறையில் விண்ணப்பித்தது. அந்த நாளே அவர்களுடைய பிரையாரிட்டி டேட். வேலைவாய்ப்பு வழியில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள்தான் உண்டு. மனைவி, பிள்ளைகளும் அந்தக் கணக்கில் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல வருட நீளத்துக்கு வளர்ந்ததன் காரணம் இதுதான்.

2015 பிப்ரவரியில் ஐ-140 போட்டார்கள். பிரீமியம் கட்ட நிறுவனம் மறுத்துவிட்டது. ஒப்புதல் வர செப்டம்பர் ஆகிவிட்டது. அந்த ஏழு மாதமும் அக்கா தொலைபேசியில் என்னிடம் புலம்பியது நினைவிருக்கிறது. மாமாவோடு வேலை செய்த நண்பருக்கும் அதே மாதத்துப் பிரையாரிட்டி டேட்தான். அவர் தன் கைப்பணத்தைக் கட்டிப் பதினைந்தே நாளில் ஒப்புதல் வாங்கினார். அக்காவுக்கு அப்போது அவர்மீது பொறாமைகூட இருந்தது.

பிறகு வந்தது காத்திருப்பு. எந்தப் பிரையாரிட்டி டேட் வரை முறை வந்திருக்கிறது என்று ஒவ்வொரு மாதமும் அமெரிக்க அரசு வெளியிடும் விசா புல்லட்டினில் இருக்கும். அதில் இந்தியாவின் தேதி எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பது மாமாவின் வேலை. அக்கா பார்க்கவே மாட்டாள். 2014ஐத் தொட்டால் மட்டும் சொல்லுங்கள், அதுவரை சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மாமா ஒரு நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். அக்காவும் மகளும் மாமாவின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்தார்கள். ஐ-140 ஒப்புதலானவரின் மனைவி எச்-4இல் இருந்தாலும் வேலைக்குப் போகலாம் என்ற விதி 2015இல் வந்திருந்ததால், ஐ-140 கைக்கு வந்தபின் அக்கா ஒரு மருந்துக் கடையில் சேர்ந்தாள். இந்த வருடங்களில் அவளை நிமிர்த்தி வைத்தது அந்த வேலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மகளுக்கு 2022 மார்ச் 20 அன்று இருபத்தொன்று முடிந்தது. அன்றோடு எச்-4 தீர்ந்துவிடும் என்பதால் முன்கூட்டியே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற்றியிருந்தார்கள். படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்று அந்த விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். ஒன்பது வயதில் விட்டு வந்த ஊருக்குத் திரும்புவேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட அன்று அவள் இரவெல்லாம் அழுததாக அக்கா சொன்னாள்.

2022 ஜூலையில் இந்தியாவின் தேதி 2014 டிசம்பர் 1 வரை வந்தது. இருபத்தொரு வயதைக் கணக்கிடுவதற்கு 2002இல் வந்த ஒரு சட்டம் உண்டு. தேதி கைக்கு எட்டிய நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ, அதிலிருந்து ஐ-140 பரிசீலனையில் கிடந்த நாட்களைக் கழிக்க வேண்டும். கழித்தபின் இருபத்தொன்றுக்குக் குறைவாக இருந்தால், திருமணமும் ஆகாதிருந்தால், அவள் இன்னும் பிள்ளை. அவளுக்கு அன்று இருபத்தொரு வயதும் மூன்று மாதமும். அதில் அந்த ஏழு மாதத்தைக் கழித்தால் இருபது வயதும் எட்டு மாதமும். நால்வரில் அமெரிக்காவிலேயே பிறந்த மகன் நீங்கலாக, மூவரும் அந்த மாதமே கிரீன் கார்டுக்கான இறுதி விண்ணப்பமான ஐ-485 போட்டார்கள். நண்பரின் மகன் இவளைவிட ஒரு மாதமே மூத்தவன். அவனுக்குக் கழித்துக்கொள்ளப் பதினைந்து நாள்தான் இருந்தது. அவன் வரிசையிலிருந்து விழுந்துவிட்டான்.

அக்டோபரில் தேதி 2012 ஏப்ரலுக்குப் பின்வாங்கியது. போட்ட விண்ணப்பம் போட்டபடி நிற்கும், மகளின் வயதும் உறைந்தபடியே இருக்கும், ஆனால் முடிவு மட்டும் வராது. 2025 அக்டோபர் புல்லட்டினிலும் அது 2013 ஏப்ரலில்தான் நின்றது.

பின்வாங்கிய அடுத்த மாதம் எங்கள் அம்மா இறந்தார். ஐ-485 நிலுவையில் இருக்கும்போது, அட்வான்ஸ் பரோல் என்ற பயண அனுமதி இல்லாமல் எஃப்-1இல் இருப்பவள் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். அந்த அனுமதி அவளுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. எச்-4இல் இருந்த அக்கா அந்த அனுமதி இல்லாமலே வரலாம். ஆனால் பாஸ்போர்ட்டில் இருந்த விசா காலாவதியாகியிருந்தது. சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புது முத்திரை எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவள் வரவில்லை. வாய்க்கரிசி போடும்போது நான் ஒரு கையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அவளுக்கும் சேர்த்துப் போட்டேன். காலைக் காட்டு என்றாள். அம்மாவின் பாதத்தருகே கைபேசியைக் கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பக்கம் என் அக்கா மகள் அம்மாயி, அம்மாயி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குக் கழித்துக்கொள்ளப் பத்து நாள்தான் உண்டு. மகளுக்கு இருபத்தொன்று ஆவதற்குள் 2016 ஏப்ரல் வராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அந்தப் பிறந்தநாளுக்கு ஓராண்டு முன்பே எஃப்-1 மாற்றத்துக்கான தாள்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். புல்லட்டினில் இரண்டு அட்டவணைகள் இருக்கும். விண்ணப்பிக்கும் தேதிக்கான அட்டவணை முன்னால் ஓடுவதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். 2025 ஆகஸ்ட் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு, இறுதி முடிவுக்கான அட்டவணையை வைத்துத்தான் வயதைக் கணக்கிடுகிறார்கள்.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன்: நீங்கள் பிறந்தது எந்த நாட்டில்? அவர்கள் பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. கணவன், மனைவி இருவரில் ஒருவர் இலங்கையிலோ மஸ்கட்டிலோ சிங்கப்பூரிலோ பிறந்திருந்தால், குடும்பம் முழுவதையும் அந்த நாட்டின் கணக்கில் சேர்க்கலாம். அப்படியானால் உங்கள் வரிசை பல வருடம் சுருங்கும். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் இன்றே கேளுங்கள்.

அக்காவின் மகனுக்கு 2032இல் இருபத்தொன்று ஆகும். அவன் குடிமகன் என்பதால் அன்று பெற்றோருக்காக மனுப்போடலாம், அதற்கு இந்த வரிசையே கிடையாது. போன மாதம் பேசும்போது இதைச் சொன்னேன். மாமா அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறாராம். ஆனால் தான் அந்த வழியில் போகப்போவதில்லை என்றார். அவர் மகன் வழியாகக் கிரீன் கார்டு வாங்கிவிட்டால், அவரைச் சார்ந்து நிற்கும் மகளின் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். அக்காவை வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன், நான் பிள்ளையோடு இங்கேயே நிற்கிறேன் என்றார்.